கட்டைவிரல் போட்டாச்சு, இப்போது எப்படி மறுப்பது?

கேள்வி: பிரசவத்துக்குப் பிறகு செய்யும் உடற்பயிற்சிகளை ரீல்களாகப் போட்டு வருகிறேன். பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள். எடை குறைப்புப் பவுடர் விற்கும் ஒரு நிறுவனம், ஏஜென்சி மூலமாக 6 மாத பிராண்ட் அம்பாசிடர் வாய்ப்பு தந்தது. ஆர்வத்தில் என் ரேட்டைச் சொன்னேன். “ஓகே மேடம், அக்ரிமென்ட் அனுப்புறோம்” என்றார்கள். நான் ஒரு கட்டைவிரல் இமோஜி போட்டேன். கேட்டார்களே என்று 30 வினாடி சாம்பிள் வீடியோவும் அனுப்பினேன். பிறகு பார்சல் வந்தது. டப்பாவின் பின்பக்கம் “கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பயன்படுத்த வேண்டாம்” என்று பொடி எழுத்தில் இருக்கிறது. என்னால் இதைச் செய்ய முடியாது. அக்ரிமென்ட் வந்துவிட்டது, கையெழுத்துப் போடவில்லை, முன்பணமும் வாங்கவில்லை. ஏஜென்சியில் பேசும் தம்பி மரியாதையானவர், அவரிடமிருந்து வேறு வேலைகளும் வரலாம். எப்படி மறுப்பது?

பதில்: எழுத உட்காருவதற்கு முன் அந்த வாட்ஸ்அப் உரையாடலை முதல் வரியிலிருந்து ஒருமுறை படித்துவிடுங்கள். நீங்கள் எழுதப்போவது மறுப்பா, ஒப்புக்கொண்டதிலிருந்து விலகலா என்பது அங்கேதான் தெரியும். என்ன வேலை, எவ்வளவு பணம், எந்தத் தேதிகளில் என்ற மூன்றும் எழுத்தில் பேசி முடிந்து, நீங்களும் சரி என்று சொல்லியிருந்தால், கையெழுத்தில்லாமலே ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாட இடமிருக்கிறது.

கட்டைவிரல் இமோஜியைச் சும்மா விட்டுவிட முடியாது என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. 2021-ல் கனடாவில் ஆளிவிதை வாங்கும் நிறுவனம் ஒன்று, ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிசெய்யச் சொன்னது. அவர் பதிலுக்குக் கட்டைவிரலை மட்டும் அனுப்பினார். விதை போய்ச் சேரவில்லை. ‘கிடைத்தது’ என்ற பொருளில்தான் போட்டேன் என்று அவர் சொன்னார். 2023-ல் சஸ்காச்சுவான் மாகாண நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த இமோஜியே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நஷ்டஈடு கட்டச் சொன்னது. முந்தைய ஒப்பந்தங்களையும் அவர் ‘ஓகே’ போன்ற ஓரிரு சொல்லாலேயே உறுதிசெய்து, விதையையும் கொடுத்து வந்தவர் என்பதுதான் தீர்ப்பில் முக்கியமான காரணமாக இருந்தது.

உங்கள் கட்டைவிரல் நின்ற இடம் வேறு. “அக்ரிமென்ட் அனுப்புறோம்” என்ற வரிக்குக் கீழே அது நிற்கிறது. ‘அனுப்புங்கள்’ என்றுதான் யாரும் படிப்பார்கள். அப்போது அக்ரிமென்ட் கையில் வரவில்லை, எத்தனை ரீல், எந்தத் தேதி என்பதும் பேசப்படவில்லை. ஆகவே நீங்கள் எழுத வேண்டியது மறுப்புக் கடிதம்தான். இதே இமோஜி அக்ரிமென்ட் வந்த பிறகு அதற்குக் கீழே விழுந்திருந்தாலோ, முன்பணம் கணக்கில் ஏறியிருந்தாலோ, முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டச் சொல்லியிருப்பேன். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். எதற்கும் இனி அந்த உரையாடலில் இமோஜி எதுவும் போடாதீர்கள்.

இனி மறுக்கும் வாக்கியத்துக்கு வருவோம். அதன் அகலம் சரியாக இருக்க வேண்டும். இந்த வேலையில் பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான்.

குறுகலாக எழுதினால் அவர்கள் அந்த ஓட்டையை அடைத்துவிடுவார்கள். ‘இந்த மாதம் வேலை அதிகம்’ என்றால் அடுத்த மாதம் ஆரம்பிக்கலாம் என்பார்கள். ‘12 ரீல் எனக்கு அதிகம்’ என்றால் 8 ஆக்குவார்கள். எல்லாவற்றிலும் மோசமானது, மறுப்பதற்காக ரேட்டை மூன்று மடங்காக ஏற்றிச் சொல்வது. பலர் இதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். கிளையன்ட் “சரி” என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்? நீங்களே கேட்ட தொகை, அவர்கள் ஒப்புக்கொண்ட தொகை. அதற்குப் பிறகு ‘உண்மையான காரணம் வேறு’ என்று சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிறது. நீங்கள் காப்பாற்ற நினைக்கும் உறவு அந்த இடத்தில்தான் கெடும்.

அகலமாக எழுதினால் வேறு சிக்கல். ‘நான் விளம்பரமே செய்வதில்லை’ என்று எழுதிவிட்டு இரண்டு மாதம் கழித்து ஒரு யோகா விரிப்புக்கு ரீல் போட்டால் அதே தம்பி பார்ப்பார். பார்ப்பதுதான் அவர் வேலை. ‘உடல்நலம் சம்பந்தப்பட்ட எதையும் செய்வதில்லை’ என்பதும் உங்களுக்கு ஆகாது, உங்கள் பக்கமே உடல்நலம் சம்பந்தப்பட்டதுதானே.

உங்களுக்கு ஏற்ற அகலம், பொருளின் வகையளவு: ‘எடை குறைப்பதற்காக உட்கொள்ளும் எதையும் என் பக்கத்தில் விளம்பரப்படுத்துவதில்லை.’ இது இந்த நிறுவனத்தைக் குறை சொல்லவில்லை. அவர்கள் பவுடருக்குப் பதிலாக டீயையும் காப்ஸ்யூலையும் கொண்டுவந்தாலும் இதே வரி போதும். அதே நிறுவனம் உடற்பயிற்சிப் பட்டை விற்றால் கதவு திறந்திருக்கிறது. ஆனால் இந்த வரி உங்களையும் கட்டும். வேறொரு நிறுவனத்தின் மெலிவு டீயை அடுத்த வருஷம் கையில் பிடித்தால், இவர்களிடம் சொன்னது சாக்கு என்று ஆகிவிடும். கட்டுப்பட முடியும் என்றால் மட்டும் எழுதுங்கள். முடியாது என்று தோன்றினால் ‘பாலூட்டும் தாய்மார்கள் பயன்படுத்தக் கூடாத எதையும்’ என்று அளவைச் சுருக்கிக்கொள்ளலாம், அதுவும் நேர்மையான எல்லைதான்.

காரணத்துக்கு நீங்கள் எங்கும் போகவேண்டியதில்லை, டப்பாவே கொடுத்துவிட்டது. பவுடர் நல்லதா கெட்டதா என்று நீங்கள் தீர்ப்பு சொல்லவில்லை. தயாரித்தவர்கள் யாருக்கு வேண்டாம் என்று அச்சடித்திருக்கிறார்களோ, அவர்கள்தான் உங்கள் பார்வையாளர்கள். இதற்கு எதிர்வாதம் கிடையாது. இதோடு நிறுத்துங்கள். ‘இந்த மாதிரி பவுடரெல்லாம் ஏமாற்று வேலை’ என்று ஒரு வரி சேர்த்தால், நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு உங்கள் பெயரில் எழுத்தில் போகிறது. அதை ஏஜென்சி கிளையன்ட்டுக்கு அப்படியே அனுப்பும்.

அனுப்பும் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் கடிதத்தை முதலில் படிப்பவர் அந்தத் தம்பி, ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் அவருடைய கிளையன்ட். இன்ன தேதிக்குள் இத்தனை பேர் என்று அவர் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டியிருக்கும், அதில் உங்கள் பெயர் ஏறியிருக்கும். “மேடம் ஏன் வரலை?” என்று கேட்டால் காட்ட அவருக்கு ஒரு வரி வேண்டும். அந்த வரியை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. அவர் மறுபடி உங்களைக் கூப்பிடுவாரா என்பது நீங்கள் எத்தனை தடவை ‘சாரி’ சொன்னீர்கள் என்பதைவிட, பட்டியல் பூட்டப்படும் முன் சொன்னீர்களா என்பதைப் பொறுத்தது. இன்றைக்கே அனுப்புங்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

அக்ரிமென்ட் எந்த வழியில் வந்ததோ அதே மின்னஞ்சல் சரத்தில் பதில் போடுங்கள், அப்போதுதான் அனுப்பியதும் மறுத்ததும் ஒரே இடத்தில் பதிவாக இருக்கும். வாட்ஸ்அப்பில் ‘மெயில் போட்டிருக்கிறேன், பாருங்கள்’ என்று ஒரு வரி போதும். முதலில் போனில் பேசாதீர்கள். நம் வாயில் போனில் ‘இல்லை’ என்ற சொல் வராது, ‘பார்க்கலாம்’ என்றுதான் வரும். நமக்கு அது மறுப்பு. ஏஜென்சியின் எக்செல் தாளில் அது ‘ஃபாலோ-அப்’.

கடிதம் இப்படி இருக்கட்டும்:

> வணக்கம். அக்ரிமென்ட்டும் பார்சலும் வந்து சேர்ந்தன, நன்றி. இந்த அம்பாசிடர் வேலையை நான் ஏற்கவில்லை. என் பக்கத்தைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பாலூட்டும் தாய்மார்கள்; அவர்கள் பயன்படுத்த வேண்டாம் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். எடை குறைப்பதற்காக உட்கொள்ளும் எதையும் என் பக்கத்தில் விளம்பரப்படுத்துவதில்லை என்பது என் முடிவு. ரேட் பேசும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், வருந்துகிறேன்.
>
> நான் அனுப்பிய 30 வினாடி வீடியோ பார்வைக்கு மட்டும் தந்தது. அதை எங்கும் பயன்படுத்த நான் அனுமதி தரவில்லை. கிளையன்ட்டிடம் போயிருந்தால் நீக்கச் சொல்லி, நீக்கியதும் ஒரு வரி எழுதுங்கள். பார்சலைத் திருப்பி அனுப்ப முகவரி தாருங்கள், அல்லது ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.
>
> உடற்பயிற்சி உடை, விரிப்பு, குழந்தைகளுக்கான துணி போன்ற வேலைகள் வந்தால் பேசலாம்.

‘ஏற்கவில்லை’ என்ற சொல் மூன்றாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? நான்கு பத்தி பாராட்டி எழுதிவிட்டுக் கடைசியில் மறுத்தால், படிப்பவர் முதல் பாராட்டிலேயே ‘வேலை முடிந்தது’ என்று நினைத்துவிடுவார். ‘ஏற்க இயலாத சூழ்நிலையில் இருக்கிறேன்’ என்று எழுத வேண்டாம். சூழ்நிலை மாறக்கூடியது, மாறிவிட்டதா என்று மூன்று வாரம் கழித்து ஒரு போன் வரும். ‘இப்போதைக்கு’ என்ற சொல்லும் கூடவே கூடாது. வருத்தம் ஒரே ஒரு இடத்தில், உண்மையில் உங்கள் தவறு எதுவோ அதற்கு மட்டும் இருக்கிறது: தாமதமாகச் சொன்னதற்கு. மறுத்ததற்கு வருத்தம் தெரிவிக்கத் தொடங்கினால், அதை ஈடுகட்ட ஏதாவது செய்யச் சொல்வார்கள்.

அந்த ஏதாவது என்ன என்பதும் ஏறக்குறைய தெரிந்ததுதான். முதலில் வருவது, “ஸ்கிரிப்ட்ல பாலூட்டுறவங்க வேண்டாம்னு ஒரு வரி சேர்த்துக்கலாம் மேடம்.” கேட்க நியாயமாக இருக்கும், அதனால்தான் இதில் பலர் விழுகிறார்கள். ரீலைச் சத்தமில்லாமல் பார்க்கிறவர்கள் உண்டு, கேப்ஷனை விரித்துப் படிக்காதவர்கள் அதைவிட அதிகம். அவர்கள் பார்ப்பது, தாங்கள் நம்பும் முகம் ஒரு டப்பாவைப் பிடித்திருப்பதை. அதுவும் ஒரு தடவை அல்ல, 6 மாதம். அம்பாசிடர் என்பதன் பொருளே உங்கள் முகமும் அந்தப் பெயரும் ஒட்டிக்கொள்வதுதான். பொடி எழுத்து எச்சரிக்கையால் அது பிரியாது. கையில் இருக்கும் அக்ரிமென்ட்டை இன்னொரு தடவை பாருங்கள்: ஸ்கிரிப்ட்டை இறுதி செய்யும் உரிமை யாருக்கு என்று ஒரு பிரிவு இருக்கும். வழக்கமாக அது பிராண்டுக்குத்தான். நீங்கள் சேர்த்த வரி கடைசி வடிவத்தில் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

அடுத்தது, “பார்சல்தான் வந்திருச்சே, ஒரே ஒரு ஸ்டோரி போடுங்க. 24 மணி நேரத்துல போயிடும்.” உங்கள் பக்கத்திலிருந்து போய்விடும், உண்மை. ஆனால் பயன்பாட்டு உரிமை என்ற பிரிவில் எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த உரிமையைக் கொடுத்துவிட்டால் உங்கள் 15 வினாடி ஸ்டோரியை எடுத்து அவர்கள் காசு கட்டி விளம்பரமாக ஓட்டலாம். உங்கள் பக்கத்தில் மறைந்த பிறகும் பல மாதம் அது வேறு யார் யார் போனிலோ ஓடும். இலவசமாக வந்த பொருளைக் காட்டினாலும் அது விளம்பரம்தான், அதை வெளிப்படையாகச் சொல்லும் கடமையும் பல நாடுகளில் உண்டு.

மூன்றாவதாகப் பணத்தைக் கூட்டுவார்கள். இங்கே உங்களுக்கு உதவுவது, நீங்கள் முதல் கடிதத்தில் பணத்தைக் காரணமாகச் சொல்லாமல் விட்டதுதான். எந்தத் தொகை வந்தாலும் அது நீங்கள் எழுப்பாத கேள்விக்கான பதில்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில், முதல் கடிதத்தைவிடக் குறைவான சொற்களில்: ‘நன்றி. இந்த வகைப் பொருளில் ஸ்டோரி, ரீல் எதுவும் செய்வதில்லை. வீடியோவை நீக்கிய விவரத்துக்குக் காத்திருக்கிறேன்.’ புதிய காரணம் எதையும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு புதிய காரணமும் அவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கிளை. மூன்றாம் முறையும் வந்தால் பதிலே தேவையில்லை, பதிவு ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது. “சரி மேடம், வேற யாராவது இருந்தா சொல்லுங்க” என்று கேட்டால் மட்டும் ஒரு எச்சரிக்கை. உதவி செய்யும் ஆசையில் உங்களைப் போலவே அம்மாக்களுக்குச் சொல்லித்தரும் இன்னொருவரின் எண்ணைக் கொடுக்காதீர்கள். உங்கள் பார்வையாளர்களுக்கு ஆகாதது அவருடைய பார்வையாளர்களுக்கு எப்படி ஆகும்? ‘யாரையும் சிபாரிசு செய்யவில்லை’ என்றால் போதும்.

பார்சலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எத்தனை டப்பா, எத்தனை முத்திரை உடையாமல் இருக்கிறது என்று ஒரு புகைப்படம் எடுத்து அதே மெயிலில் இணையுங்கள். ஒன்றைத் திறந்திருந்தால் திறந்தேன் என்றே எழுதுங்கள். பக்கத்து வீட்டில், தோழிகளிடம் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். அது திருப்பித் தர வேண்டிய பொருள், அதோடு நீங்கள் மறுக்கும் காரணமும் அங்கேயே அடிபட்டுப்போகும். 2 வாரத்தில் யாரும் எடுக்க வராவிட்டால், இன்ன தேதிக்குப் பிறகு அப்புறப்படுத்திவிடுவேன் என்று எழுதி, அதன்படி செய்யலாம்.

‘பணத்தைவிட என் அம்மாக்கள்தான் முக்கியம், பெரிய வாய்ப்பை மறுத்தேன்’ என்று ஒரு ரீல் போடக் கை துறுதுறுக்கும். லைக்கும் நன்றாக விழும். ஆனால் எந்த நிறுவனம் என்று யாராவது ஊகிப்பார்கள், அந்தத் தம்பியும் அதைப் பார்ப்பார். அடுத்த முறை உங்களிடம் ரேட் கேட்கவே தயங்குவார். வந்த பிரீஃப்பில் ரகசியம் காக்கச் சொல்லும் வரி இருந்தால் அதற்குத் தனி வம்பு. உங்கள் நோக்கம் பார்வையாளர்களை எச்சரிப்பது என்றால், நிறுவனத்தையே இழுக்காமல், பாலூட்டும் காலத்தில் எடை குறைப்புப் பொருள் எதை வாங்கும் முன்பும் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும், மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று ஒரு பாடமாகச் செய்யலாம். அதையும் ஓரிரு மாதம் கழித்துச் செய்யுங்கள், இந்த வாரமே வேண்டாம்.

எனக்கு உண்மையில் உறுத்துவது அந்த 30 வினாடி வீடியோதான். பணம் வரவில்லை, கையெழுத்து இல்லை, ஆனால் உங்கள் முகமும் குரலும் அவர்கள் ஃபோல்டரில் இருக்கிறது. ஏஜென்சி நல்லெண்ணத்தோடு இருந்தாலும், கிளையன்ட் பக்கத்தில் விளம்பரம் வெட்டி ஒட்டுகிறவருக்கு யார் மறுத்தார் என்ற விவரம் போகாமலிருக்கலாம். நீக்கினோம் என்ற வரி 5 நாளில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். இன்ஸ்டாகிராமில் அவர்களுக்குப் பார்ட்னர்ஷிப் விளம்பர அனுமதி எதையாவது முன்கூட்டியே ஏற்றிருந்தால், செட்டிங்ஸில் அதையும் நீக்கிவிடுங்கள். பிறகு மெட்டாவின் Ad Library என்ற பக்கத்தைத் திறங்கள். யாரும் பார்க்கலாம், காசு இல்லை. அதில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டால், ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அவர்கள் இப்போது ஓட்டும் விளம்பரங்கள் வரும். மாதம் ஒருமுறை, அந்த 6 மாதம் முடியும்வரை பாருங்கள். உங்கள் முகம் தென்பட்டால் முதலில் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு விளம்பரத்தின் இணைப்பை நகலெடுங்கள், அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு எழுதுங்கள். நீங்கள் எழுதியதும் விளம்பரம் காணாமல் போய்விடலாம். ‘அனுமதி தரவில்லை’ என்று இன்றைக்கு நீங்கள் அனுப்பும் மெயிலை அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு இணைத்து, 48 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்லுங்கள்.